சிறிய சலூனில் காற்று எங்கே போகிறது? முடி, நகப் பணிகளின் வேதிப்பொருள்களைப் பற்றிய ஓர் அறிமுகம்

ஒரு நாற்காலியும் ஒரு நக மேசையும் கொண்ட சிறிய அழகு நிலையத்தில், கண்ணாடிக் கதவை மூடி ஏ.சி.யை ஓடவிட்டால் அறை சில நிமிடங்களில் இதமாகிவிடும். அந்த இதம்தான் பலரை ஏமாற்றுகிறது. சுவரில் மாட்டப்படும் வழக்கமான ஏ.சி. அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிர்வித்து மீண்டும் அறைக்குள் விடுகிறது. வெளியே இருக்கும் பெட்டிக்கும் உள்ளே இருக்கும் பெட்டிக்கும் இடையே ஓடுவது குளிரூட்டும் திரவம்தான்; அந்தக் குழாய் வழியாகக் காற்று போவதும் இல்லை, வருவதும் இல்லை. எனவே காலையில் கலக்கிய ப்ளீச் பவுடரின் தூசியும், நண்பகலில் நகத்தில் பூசிய திரவத்தின் ஆவியும், மாலை வரை அதே அறையில் சுற்றிக்கொண்டிருக்கலாம். வாடிக்கையாளர் ஒரு மணி நேரத்தில் எழுந்து போய்விடுவார். பணியாளரோ வாரத்தில் ஆறு நாள், நாளுக்குப் பத்து மணி நேரம் அதைத்தான் சுவாசிக்கிறார்.

இந்த வேதிப்பொருள்கள் உடலைப் பாதிக்கும் வழிகளில் இரண்டை முதலில் பிரித்து அறிய வேண்டும். ஒன்று எரிச்சல், மற்றொன்று ஒவ்வாமை. எரிச்சல் என்பது அளவைப் பொறுத்தது: அமோனியாவின் நெடி கண்ணைக் கரிக்கவைக்கிறது, அதிகமாக இருந்தால் எவருக்கும் கரிக்கும், குறைந்தால் நின்றுவிடும். ஒவ்வாமை வேறு வகையானது. உடலின் எதிர்ப்பு அமைப்பு ஒரு குறிப்பிட்ட பொருளைப் பகையாகப் பதிவுசெய்துகொள்ள மாதங்களோ வருடங்களோ ஆகலாம். அதுவரை எந்தத் தொந்தரவும் தெரியாது. பதிவான பிறகு, முன்பு பொருட்படுத்தாத மிகச் சிறிய அளவே போதும். “பத்து வருஷமா இதைத்தான் செய்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகாது” என்று அனுபவசாலிகள் சொல்வதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள முடியாததற்குக் காரணம் இதுதான்.

மூச்சுக்குழாயைப் பொறுத்தவரை முடிதிருத்தும் தொழிலில் முதலில் கவனிக்க வேண்டியது ப்ளீச் பவுடர். முடியின் நிறத்தை வெளுக்க அதில் அம்மோனியம், பொட்டாசியம், சோடியம் ஆகியவற்றின் பர்சல்ஃபேட் உப்புகள் சேர்க்கப்படுகின்றன. கிண்ணத்தில் பவுடரைக் கொட்டும் நொடியைக் கூர்ந்து பாருங்கள். டப்பாவைச் சாய்த்ததும், கரண்டி தொடும் முன்பே, மெல்லிய வெண்புகை போல ஒரு படலம் எழுந்து, குனிந்திருக்கும் முகத்தின் உயரத்துக்கு வந்து கலைகிறது. டெவலப்பர் என்ற பெராக்சைடு கலவையை ஊற்றிக் குழைத்த பிறகு தூசி அடங்கிவிடும். ஆபத்தான நேரம் அந்த முதல் அரை நிமிடம்தான். பர்சல்ஃபேட்டுக்கு எச்சரிக்கும்படியான வாடை இல்லை என்பது இன்னொரு சிக்கல். அமோனியா மூக்கைத் துளைக்கும், பர்சல்ஃபேட்டோ சத்தமின்றி உள்ளே போகும். தொழில்சார் ஆஸ்துமாவுக்கும் நாசி ஒவ்வாமைக்கும் அறியப்பட்ட காரணிகளில் அதுவும் ஒன்று. சிலருக்குத் தோலில் தடிப்பும் வரும்.

அதனால் வாடையை வைத்து ஆபத்தை அளக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். நகப் பூச்சை நீக்கும் அசிட்டோன் கடை முழுக்க மணக்கும், ஆனால் அது இந்த வரிசையில் ஒப்பீட்டளவில் சாதுவான பொருள். தலைவலியும் கண் எரிச்சலும் தரும், தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு, ஆனால் ஆஸ்துமாவை உருவாக்கும் பொருளாக அதை யாரும் கருதுவதில்லை. மறுபுறம், சில மணி நேரம் ஒரே வாடையில் இருந்தால் மூக்கு அதைப் பதிவுசெய்வதையே நிறுத்திவிடுகிறது. “இப்போ வாடை இல்லையே” என்பதற்குக் காற்று சுத்தமாகிவிட்டது என்று பொருளில்லை.

மூச்சுத் தொந்தரவு தொழிலால் வருகிறதா என்பதை அறிய, அது வரும் நேரத்தைக் கவனிப்பதே முதல் படி. தும்மல், மூக்கில் நீர் வடிதல், கண் அரிப்பு ஆகியவை பெரும்பாலும் ஆஸ்துமாவுக்கு முன்னோடியாக வருகின்றன. அதன் பின் இருமல், நெஞ்சு இறுக்கம், மூச்சில் விசில் போன்ற ஒலி. இவை வேலை செய்யும் போதே வர வேண்டும் என்பதில்லை. மாலையிலோ நள்ளிரவிலோ வருவதும் உண்டு, அதனால்தான் பலர் படுக்கையறைத் தூசியைப் பழிக்கிறார்கள். விடுமுறை நாளில் குறைந்து, வேலைக்குத் திரும்பிய ஓரிரு நாளில் மீண்டும் கூடினால் சந்தேகம் வலுக்கிறது. இதை உறுதிப்படுத்த மருத்துவர்கள் பயன்படுத்தும் எளிய கருவி ஒன்று உண்டு: முழு மூச்சையும் வேகமாக ஊதி, வெளியேறும் காற்றின் உச்ச வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர். நாளுக்கு நான்கு முறையாவது, விடுமுறை நாள்களையும் சேர்த்து மூன்று நான்கு வாரங்கள் அளந்து எழுதினால், வேலை நாளுக்கும் ஓய்வு நாளுக்கும் உள்ள வேறுபாடு வரைபடத்தில் தெரியும். எல்லா அளவும் வேலை நாளில் மட்டும் எடுக்கப்பட்டால் ஒப்பிட ஏதும் இருக்காது. பலருடைய பதிவுகள் பயனற்றுப்போவது இதனால்தான்.

இனி தோல். கைகளின் கதை வேதிப்பொருளில் தொடங்குவதில்லை, தண்ணீரில் தொடங்குகிறது. ஒரு நாளில் மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கை ஈரமாக இருந்தாலோ, காற்றுப் புகாத கையுறைக்குள் வியர்த்திருந்தாலோ, தோலின் மேலடுக்கில் இருக்கும் கொழுப்புப் பாதுகாப்பு கரைந்துபோகிறது. ஷாம்பு அதை விரைவுபடுத்துகிறது. விரல் இடுக்குகளிலும் மோதிரத்துக்கு அடியிலும் முதலில் சிவப்பும் செதிலும் வெடிப்பும் தோன்றும். புதிதாகத் தொழில் கற்பவர்களிடம்தான் இது அதிகம், ஏனெனில் தலை அலசும் வேலை அவர்களுக்கே ஒதுக்கப்படுகிறது. இந்தக் கட்டம் எரிச்சல் மட்டுமே. கையைக் காயவைத்து, வாசனையற்ற களிம்பு தடவி, அலசும் வேலையைப் பகிர்ந்துகொண்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் வெடித்த தோல் ஒவ்வாமைப் பொருள்களுக்குத் திறந்த வாசல். ஹேர் டையில் உள்ள பாரா-ஃபினைலீன்டையமின் அந்த வாசல் வழியாக நுழைந்து பதிவாகிவிட்டால் பிறகு திரும்பும் பாதை இல்லை.

நக மேசையில் இதே இடத்தைப் பிடிப்பவை மெத்தாக்ரிலேட்டுகள். அக்ரிலிக் நகத்துக்கான திரவத்திலும், விளக்கில் உலர்த்தும் ஜெல் பாலிஷிலும் இவை இருக்கின்றன. முழுமையாகக் கெட்டிப்பட்ட பிளாஸ்டிக் பெரிதாகத் தொல்லை தருவதில்லை. கெட்டிப்படாமல் எஞ்சியிருக்கும் மூலப்பொருளே ஒவ்வாமையை உண்டாக்குகிறது. ஜெல்லின் வேதியியலுக்குப் பொருந்தாத விளக்கைப் பயன்படுத்தும்போதும், பூச்சு தடிமனாக இருக்கும்போதும், மேற்பரப்பு பளபளப்பாகக் கெட்டிப்பட்டு அடியில் ஈரமாகவே இருக்கலாம். அதை அரம் கொண்டு தேய்க்கும்போது எழும் தூசியிலும் அந்த மூலப்பொருள் இருக்கிறது. ஒவ்வாமை வந்தவரின் விரல் நுனிகள் சிவந்து, வெடித்து, சில நேரம் நகமே தளத்திலிருந்து விலகும். வியப்பான இடம் கண் இமை: தூசியாலோ, அறியாமல் முகத்தைத் தொடுவதாலோ அங்கே வீக்கம் வருகிறது, கையில் ஒன்றும் தெரியாதபோதும்கூட. பல் மருத்துவத்திலும் எலும்பு அறுவை சிகிச்சையிலும் இதே குடும்பப் பொருள்கள் பயன்படுவதால், இந்த ஒவ்வாமை உள்ளவர் அதைத் தம் மருத்துவர்களிடம் சொல்லியே ஆக வேண்டும்.

கையுறை பற்றிய ஒரு தவறான நம்பிக்கையை இங்கே கலைக்க வேண்டும். மெல்லிய நைட்ரில் கையுறை ஹேர் டைக்குப் போதுமானது, ஆனால் நகத் திரவங்களில் உள்ள மெத்தாக்ரிலேட் அதை ஊடுருவ சில நிமிடங்களே போதும். கையுறை கிழியாமலும் ஒட்டாமலும் இருக்கும், உள்ளே மட்டும் பொருள் வந்திருக்கும். ஆகவே அது ஒரு தெறிப்புத் தடுப்பு மட்டுமே. துளி பட்ட உடன் கழற்றி எறிய வேண்டும். டை பூசிய கையுறையைக் கழுவி, உள்பக்கத்தை வெளியே திருப்பி மறுபடி அணிவது, கையுறையே போடாததைவிட மோசமாகலாம், ஏனெனில் ஒட்டியிருந்த டை தோலோடு நெருக்கமாக அடைபட்டுவிடுகிறது. லேடெக்ஸ் கையுறைக்கு அதுவே ஓர் ஒவ்வாமைக் காரணி என்ற குறையும் உண்டு.

இப்போது காற்றுக்கு வருவோம். ஒரு கடையை அளவுகளுடன் எடுத்துக்கொள்வோம்: அகலம் 3 மீட்டர், நீளம் 5 மீட்டர், உயரம் 2.8 மீட்டர். உள்ளே 42 கன மீட்டர் காற்று. கதவை மூடி, ஏ.சி. மட்டும் ஓடும்போது இடுக்குகள் வழியாக மணிக்கு அறைக் காற்றில் மூன்றில் ஒரு பங்கு அளவே மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். இறுக்கமாக அடைத்த அறைக்கு இது பொருத்தமான கணிப்பு. முடியை நேராக்கும் சிகிச்சை ஒன்று நடக்கிறது. 30 மில்லி கரைசலில் 8 சதவீதம் ஃபார்மால்டிஹைடு இருந்தால் அதில் ஏறத்தாழ 2.4 கிராம் அடங்கியிருக்கும். முடியை நேராக்க அதன் மேல் இழுக்கும் ஹீட்டரின் சூட்டில் அதில் இருபதில் ஒரு பங்கு மட்டுமே காற்றில் கலந்தாலும் 120 மில்லிகிராம். 42 கன மீட்டரில் பரவும்போது கன மீட்டருக்குச் சுமார் 2.9 மில்லிகிராம் வரும். உள்ளறைக் காற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் தரும் வழிகாட்டு அளவு, அரை மணி நேரச் சராசரியாக, 0.1 மில்லிகிராம். நம்முடையது ஏறத்தாழ முப்பது மடங்கு. ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது என்பதையும் இத்துடன் நினைவில் கொள்ள வேண்டும்.

ஒரு மணி நேரத்துக்குப் பின் அடுத்த வாடிக்கையாளர் வருகிறார். மூடிய அறையில் முதல் சிகிச்சையின் ஆவியில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக இன்னும் அப்படியே இருக்கிறது. அதன் மீது இரண்டாவது சேர்கிறது. பத்தில் ஒரு பங்காகக் குறைய ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஆகும். அதே சுவரில் மணிக்கு 200 கன மீட்டர் காற்றை உண்மையாகவே வெளியேற்றும் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால், மணிக்கு ஐந்து முறைக்குச் சற்றுக் குறைவாகக் காற்று மாறும். பத்தில் ஒரு பங்காக அரை மணி நேரம் போதும், ஒரு மணி நேரத்தில் ஒரு சதவீதம்கூட எஞ்சாது. எளிய ஃபேன் ஒன்றின் பயன் இவ்வளவு. இந்தக் கணக்கு காற்று அறை முழுவதும் சீராகக் கலப்பதாக எடுத்துக்கொள்கிறது. உண்மையில் மூலைகளில் தேங்கும், எனவே நடைமுறையில் இதைவிடக் கூடுதல் நேரம் ஆகும்.

“உண்மையாகவே வெளியேற்றும்” என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஃபேன் பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவு எந்தத் தடையும் இல்லாத நிலையில் எடுக்கப்பட்டது. நீண்ட குழாய், வளைவு, முடித்தூசி அடைத்த வலை, வெளிப்புற மூடி எல்லாம் அதைப் பெரிதும் குறைத்துவிடும். இன்னொரு முக்கியமான தடை, உள்ளே வர வழியில்லாமை. ஒரு கன மீட்டர் வெளியே போக வேண்டுமானால் ஒரு கன மீட்டர் உள்ளே வர வேண்டும். கதவும் சன்னலும் இறுக்கமாக மூடியிருந்தால் ஃபேன் சுழலும், சத்தம் வரும், காற்று மட்டும் நகராது. கதவை ஒரு சாண் திறந்ததும் ஃபேனின் இரைச்சல் மாறினால், அதுவரை அது மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது என்று பொருள். ஒரு மெல்லிய டிஷ்யூ காகிதத்தை ஃபேன் வலையின் மேல் வைத்துப் பாருங்கள்: அது உறுதியாக ஒட்டிக்கொள்ள வேண்டும். பிறகு அதே காகிதத்தைக் கதவின் கீழ் இடைவெளியில் தொங்கவிட்டால் அது உள்நோக்கிச் சாய வேண்டும். இரண்டும் நடந்தால்தான் காற்றுக்கு வரவும் போகவும் வழி இருக்கிறது.

வழி இருப்பது மட்டும் போதாது, அது எங்கே போகிறது என்பதும் முக்கியம். ஃபேன் கதவுக்கு நேர் மேலே இருந்தால், கதவு வழியாக வந்த புதிய காற்று அப்படியே மேலேறி வெளியேறிவிடும். கடையின் பின்பகுதியில் வேலை செய்பவருக்கு அதில் பங்கே கிடைக்காது. புதிய காற்று முதலில் பணியாளரின் முதுகுப்பக்கமாக வந்து, வேலை நடக்கும் இடத்தைக் கடந்து, மறுபக்கத்தில் வெளியேற வேண்டும். மாடிப்படியிலோ பக்கத்துக் கடையின் சன்னலருகிலோ ஃபேன் ஊதினால், சிக்கல் தீரவில்லை, இடம் மாறியிருக்கிறது.

இத்தனையும் செய்தாலும், அறைக் காற்றை மாற்றுவதால் அறையின் சராசரிதான் குறைகிறது. வேலை செய்பவரின் மூக்கு இருப்பது சராசரியில் இல்லை. அது கிண்ணத்துக்கும் நகத்துக்கும் மேலே, ஆவி எழும் இடத்திலேயே இருக்கிறது. ஆகவே ஆவியைப் பிறந்த இடத்திலேயே பிடிப்பதுதான் சிறந்த வழி. நக மேசைக்குச் சில கட்டட விதித்தொகுப்புகள் கோரும் குறைந்தபட்ச உறிஞ்சல் மணிக்குச் சுமார் 85 கன மீட்டர். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயில் இது வாயருகே விநாடிக்கு 3 மீட்டர் வேகம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உறிஞ்சும் காற்று, ஊதும் காற்றைப் போல நேராகப் போவதில்லை. எல்லாத் திசையிலிருந்தும் வருவதால் தூரத்தில் வேகம் சட்டென்று இறங்கிவிடும். வாயிலிருந்து 10 சென்டிமீட்டரில் விநாடிக்கு 0.2 மீட்டர், 20 சென்டிமீட்டரில் 0.06 மீட்டர் மட்டுமே. தலைக்கு மேல் சுழலும் மின்விசிறியோ, மேசை மீது நேராக வீசும் ஏ.சி.யோ இதைச் சுலபமாகக் கலைத்துவிடும். எனவே குழாயின் வாய் வாடிக்கையாளரின் விரலிலிருந்து ஒரு சாணுக்கும் குறைவான தூரத்தில், பணியாளர் முகத்துக்கு எதிர்ப்புறத்தில் இருக்க வேண்டும். ஆவி மூக்கைக் கடந்து குழாய்க்குப் போகும் அமைப்பு தலைகீழானது. ஊதுபத்தியின் புகையை விரல் இருக்கும் இடத்தில் பிடித்துப் பார்த்தால் அது குழாய்க்குள் போகிறதா, முகத்துக்கு வருகிறதா என்று தெரிந்துவிடும். அந்த நேரத்தில் அசிட்டோன் புட்டிகள் அறையிலேயே இருக்கக் கூடாது.

மேசைக்கு அடியில் தூசிப்பை வைத்து, வடிகட்டிய காற்றை அறைக்கே திருப்பிவிடும் கருவிகள் மலிவாகக் கிடைக்கின்றன. அரத்தூசியைப் பிடிக்க அவை உதவும். ஆவி பைத்துணியின் வழியாகவே வெளியே வந்துவிடும். கரித்தூள் வடிகட்டி உள்ளவை பாலிஷின் கரைப்பான் ஆவியை ஓரளவு பிடிக்கின்றன, ஆனால் மெல்லிய கரி அடுக்கு விரைவில் நிரம்பிவிடும், ஃபார்மால்டிஹைடையும் அமோனியாவையும் சாதாரணக் கரி சரியாகப் பிடிப்பதும் இல்லை. முகக்கவசத்துக்கும் இதே கணக்கு: தூசிக்கான என்95 ப்ளீச் பவுடருக்கும் அரத்தூசிக்கும் பயன்படும், ஆவிக்கு ஒன்றும் செய்யாது. அறுவை சிகிச்சை முகக்கவசம் இரண்டுக்குமே போதாது.

பவுடரைப் பொறுத்தவரை காற்றோட்டத்தைவிட மலிவான தீர்வு பொருளையே மாற்றுவது. எண்ணெய் பூசி தூசி குறைத்த பவுடரோ, குழைந்த க்ரீம் வடிவமோ கிடைக்கிறது. பழைய பவுடரே என்றால், ஃபேனுக்கு அருகே, கிண்ணத்தை முகத்திலிருந்து கை நீளத் தூரத்தில் வைத்து, கரண்டியால் மெல்ல எடுத்து, டப்பாவை உடனே மூட வேண்டும். சிந்தியதைப் பெருக்காமல் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். முடி நேராக்கலில் “ஃபார்மால்டிஹைடு இல்லை” என்ற வாசகத்தை அப்படியே நம்ப முடியாது. மெத்திலீன் கிளைக்கால் என்ற பெயரில் தண்ணீரில் கரைந்த அதே பொருள் இருக்கலாம். சூடேறியதும் அது ஃபார்மால்டிஹைடாக வெளிவரும். கிளையாக்சிலிக் அமிலம் உள்ள மாற்றுகளும் ஹீட்டர் சூட்டில் அதை வெளியிடக்கூடும், அவற்றைத் தொடர்ந்து சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டதாக மருத்துவ அறிக்கைகளும் உள்ளன. மேலே கணக்கிட்ட கடையில் இந்தச் சிகிச்சையை ஃபேன் ஒன்றை நம்பிச் செய்யக் கூடாது என்பது என் கருத்து: ஃபேன் அடுத்த வாடிக்கையாளருக்கு முன் அறையைச் சுத்தமாக்கும், ஆனால் ஹீட்டரைப் பிடித்திருப்பவர் அந்த அரை மணி நேரத்தில் சுவாசித்ததைத் திரும்பப் பெற அதனால் முடியாது.

ஒவ்வாமை ஏற்கெனவே பதிவாகிவிட்டவருக்கும் காற்றோட்டம் பதிலாகாது. பர்சல்ஃபேட்டால் ஆஸ்துமா வந்தவர், நல்ல ஃபேனுக்கு அருகிலும், பக்கத்து நாற்காலியில் வேறொருவர் கலக்கும் பவுடருக்கே இருமத் தொடங்கலாம். அவருக்கு மருத்துவர் சொல்லக்கூடியது பெரும்பாலும் அந்தப் பொருள் கலக்கப்படும் அறையிலிருந்தே விலகியிருப்பதுதான், அதுவும் அறிகுறி தொடங்கிச் சீக்கிரமே விலகினால்தான் மூச்சு நன்றாகத் தேற வாய்ப்பு அதிகம். தோலுக்கு, எந்தப் பொருள் காரணம் என்பதைத் தோல் மருத்துவர் முதுகில் ஒட்டும் பேட்ச் சோதனை கண்டுபிடிக்கும். இரண்டு நாளில் ஒரு முறையும், நான்கு நாளளவில் மறுமுறையும் அதைப் படிக்கிறார்கள், ஏனெனில் இந்த வகை ஒவ்வாமை தாமதமாகவே முகம் காட்டும். சந்தேகப்படும் டையையோ ஜெல்லையோ வீட்டில் தாமே கையில் தடவிச் சோதிப்பது, இதுவரை வராத ஒவ்வாமையைப் புதிதாகப் பதிவுசெய்துவிடக்கூடும். சோதனைக்குப் போகும்போது பயன்படுத்தும் பொருள்களின் பெட்டிகளையோ, உட்பொருள் பட்டியலின் படங்களையோ எடுத்துப் போனால், எந்தப் பொருள்களைச் சோதிக்க வேண்டும் என்பதை மருத்துவர் அங்கேயே முடிவுசெய்ய முடியும்.